கடன் தொகை திட்டத்தின் மதிப்போடு சேர்ந்து ஏறினால் மூலதனச் செலவு சுழல்கிறது: எக்செல் சொல்லும் எண்ணை நம்பலாமா?

புதுமுகம் | ஜூன் 3, இரவு 9:40

மூன்று வருடத் திட்டம் ஒன்றை மதிப்பிடுகிறேன். வரிக்குப் பின், கடனைக் கணக்கில் எடுக்காத பணவரத்து வருடத்துக்கு 400. கடனே இல்லாதிருந்தால் முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் 12%, கடன் வட்டி 8%, வரி 25%. கடன் கொடுப்பவரின் நிபந்தனை இதுதான்: ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் திட்டத்தின் எஞ்சிய மதிப்பில் 40% வரை கடன் நிற்கலாம். செலவில் 40% இல்லை, மதிப்பில் 40%.

மதிப்பு தெரிந்தால்தான் கடன் தொகை தெரியும். கடன் தெரிந்தால்தான் வட்டியும் வரிச் சேமிப்பும் ஈக்விட்டிக்கான வருவாய் விகிதமும் தெரியும். அவை தெரிந்தால்தான் சராசரி மூலதனச் செலவு கிடைக்கும், அது கிடைத்தால்தான் மதிப்பு. எக்செல் சுழல் எச்சரிக்கை கொடுத்தது. `Enable iterative calculation`-ஐ டிக் செய்ததும் 974.10 என்று வந்து நின்றுவிட்டது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாமல் அதை அறிக்கையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வேறு தொடக்க எண் போட்டிருந்தால் வேறு இடத்தில் நின்றிருக்குமா?

பேரேடு | ஜூன் 3, இரவு 10:15

இதில் சுழலே இல்லை. கடன் பங்கு 40% என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். சராசரிக்கு வேண்டியது பங்குதான், தொகை இல்லை. ஈக்விட்டி விகிதம் 12 + (12−8)×40/60, அதாவது 14.67%. அதை 60% எடையிலும், வரி கழித்த 6% வட்டியை 40% எடையிலும் வைத்தால் 11.2%. மூன்று 400-களை 11.2%-இல் தள்ளுபடி செய்தால் 974.10. முடிந்தது. டிக்கை எடுத்துவிடுங்கள்.

கட்டுமானம் | ஜூன் 3, இரவு 11:02

எங்கள் வேலையில் இது தினமும் வரும். கட்டுமானக் காலத்து வட்டியையும் கடனிலிருந்தே கட்டுவோம். வட்டி சேர்ந்தால் மொத்தச் செலவு கூடும், செலவு கூடினால் அதில் 70% கடனும் கூடும், மறுபடி வட்டி கூடும். செலவு 1,000, கட்டுமானக் கால வட்டி கடனில் ஏறக்குறைய 6% என்றால் 1,000 என்பது 1,043.84-இல் போய் நிற்கும். ஒரு மேக்ரோ போட்டு, கணக்கிட்ட வட்டியை எடுத்து உள்ளீட்டு வரிசையில் மதிப்பாக ஒட்டுவோம். வித்தியாசம் பூஜ்யம் ஆகும்வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். சுழலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. உங்களுக்கும் அதே மருந்துதான்.

சமன்பாடு | ஜூன் 4, காலை 6:50

கட்டுமானம் சொல்வது வேறு சுழல். அங்கே கடன் செலவைத் தொடர்கிறது. செலவுக்குத் தள்ளுபடி விகிதம் தேவையில்லை, ஆகவே மூலதனச் செலவு அந்த வட்டத்துக்குள் வருவதே இல்லை. ஒட்டும் மேக்ரோ இங்கேயும் வேலை செய்யும், அது உண்மை. ஆனால் கேள்வி எப்படி ஒட்டுவது என்பதல்ல, நிற்கும் எண் சரியா என்பது.

பேரேடு சொன்ன 11.2% சரி, 974.10-உம் சரி. 'சுழலே இல்லை' என்பது மட்டும் பாதிதான். இந்த எளிய வடிவத்தில் சுழலை இயற்கணிதத்தால் அவிழ்த்துவிடலாம், அவ்வளவுதான். அவிழ்க்காமல் ஓடவிட்டுப் பாருங்கள், எண் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

சராசரி விகிதத்தை ஒதுக்கிவிட்டு இப்படிச் செய்யுங்கள். பணவரத்தோடு வரிச் சேமிப்பையும் சேர்த்து, எல்லாவற்றையும் 12%-இலேயே தள்ளுபடி செய்யுங்கள். கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

முதல் சுற்றில் கடன் பூஜ்யம் என்று வைத்தால் மூன்றாம் வருடத் தொடக்க மதிப்பு 357.14, இரண்டாம் வருடத் தொடக்கத்தில் 676.02, இன்று 960.73. இப்போது இந்த மூன்று மதிப்புகளிலும் 40% கடன் நிற்பதாக வைத்து வட்டியும் வரிச் சேமிப்பும் கணக்கிடுங்கள். முதல் வருடச் சேமிப்பு 7.69, அடுத்தது 5.41, கடைசியில் 2.86. இவற்றைச் சேர்த்துத் திரும்பப் பின்னோக்கி வந்தால் இன்றைய மதிப்பு 973.94. மதிப்பு ஏறியதால் கடனும் கொஞ்சம் ஏறுகிறது. அடுத்த சுற்றில் 974.09. அதற்கடுத்து 974.10. அப்புறம் நகராது.

விலகலைப் பாருங்கள்: முதலில் 13.36, பிறகு 0.16, பிறகு 0.002. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. காரணம் எளிது. மதிப்பு 100 கூடினால் கடன் 40 கூடும், வட்டி 3.20 கூடும், வரிச் சேமிப்பு 0.80 கூடும், 12%-இல் தள்ளுபடி செய்தால் 0.71. நீங்கள் எவ்வளவு தப்பான எண்ணில் தொடங்கினாலும், ஒரு வருடத்துக்கு அதில் 0.7% மட்டுமே அடுத்த சுற்றுக்குத் தப்பிப் போகிறது. மூன்று வருடமும் அடுக்கடுக்காக இருப்பதால் அது சற்று அதிகமாகத் தெரிகிறது. தொடக்கக் கடனை 5,000 என்று வைத்துப் பாருங்கள், அதே 974.10-க்குத்தான் வரும்.

இரவுப்பணி | ஜூன் 4, காலை 7:31

சமன்பாடு சொன்னதை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு:

```python
fcf = [400, 400, 400]
ku, kd, t, L = 0.12, 0.08, 0.25, 0.40
D = [0, 0, 0]
for i in range(50):
    V, nxt = [0, 0, 0], 0
    for k in (2, 1, 0):
        V[k] = (fcf[k] + nxt + t*kd*D[k]) / (1 + ku)
        nxt = V[k]
    print(i, round(V[0], 2))
    new = [L*v for v in V]
    if max(abs(a-b) for a, b in zip(new, D)) < 1e-6:
        break
    D = new
```

புதுமுகம் | ஜூன் 4, மாலை 7:20

ஓட்டினேன். தொடக்கக் கடன் 5,000 வைத்தும் அதே இடம்தான். தொடக்க எண்ணைப் பற்றிய பயம் போய்விட்டது.

பேரேடுக்கு ஒரு பதில். சுழலை நான் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, முதலில் எழுத விட்டுப்போயிற்று. முதல் வருடத்தில் தேய்மானம் மிக அதிகம், வட்டிக்கு முந்தைய லாபம் 20 மட்டுமே. வட்டியோ 31-க்கு மேல். அந்த வருடம் 20 அளவு வட்டிக்குத்தான் வரி குறையும், மிச்சம் அடுத்த வருடத்துக்குப் போகும். 11.2% என்ற விகிதத்தில் இதை எங்கே நுழைப்பது?

பேரேடு | ஜூன் 4, இரவு 8:05

நுழைக்க முடியாது. வட்டி கட்டிய வருடத்திலேயே வரிச் சேமிப்பு முழுதாகக் கைக்கு வருகிறது என்ற நிபந்தனையோடுதான் 11.2% நிற்கிறது. உங்களுக்குச் சுழல் தேவைதான்.

சமன்பாடு | ஜூன் 4, இரவு 9:48

ஆமாம், சுழல் நிஜமாகவே உதவும் இடம் இதுதான். எந்த வருடத்தில் எவ்வளவு வட்டி கழியும் என்பது `MIN` போட்ட ஒரு வரிசை. அதைக் கையால் அவிழ்ப்பது வருடம் கூடக் கூடச் சிரமம். சுற்றவிட்டால் தானாக வந்துவிடும். உங்கள் எண்களில் முதல் வருடச் சேமிப்பு 5 மட்டும், கழியாத 11.16 வட்டி இரண்டாம் வருடத்துக்குப் போய் அங்கே 2.79 கூடுதலாகச் சேமிக்கிறது. மதிப்பு 973.84. இழப்பு கால் அலகுதான். ஒரு வருடத் தாமதத்துக்கு அது நியாயமான அளவு.

தேடல் | ஜூன் 5, காலை 10:12

நான் ஈக்விட்டி விகிதத்துக்கு வேறு சூத்திரம் வைத்திருக்கிறேன். கடன்-ஈக்விட்டி விகிதத்தோடு (1−வரி) பெருக்க வேண்டும், பாடத்தில் அப்படித்தான் படித்தோம். 12 + 4×0.75×40/60 = 14%. சராசரி 10.8%. சுழல் அழகாக 980.90-இல் நிற்கிறது, எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும். புதுமுகத்தின் விடை குறைவு என்று நினைக்கிறேன்.

சமன்பாடு | ஜூன் 5, பிற்பகல் 1:30

இந்த இழையில் யாராவது ஒரே ஒரு பதிவை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சுழல் நிற்பது, உங்கள் சமன்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படாமல் ஒரு எண்ணில் சந்திக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறது. அந்தச் சமன்பாடுகள் உங்கள் கடனுக்குப் பொருந்துமா என்று அதற்குத் தெரியாது.

உங்கள் 980.90-ஐ அதன் சொந்த எண்களாலேயே சோதிப்போம். கடனே இல்லாத மதிப்பு 960.73. ஆகவே கடனால் கூடியது 20.17. கடனால் கூடுவதற்கு இந்தக் கணக்கில் ஒரே ஒரு வழி, வரிச் சேமிப்பு. உங்கள் மதிப்புகளில் 40% கடன் வைத்தால் மூன்று வருடச் சேமிப்பும் 7.85, 5.49, 2.89. தள்ளுபடியே செய்யாமல் கூட்டினால் 16.23. வருங்காலத்தில் கிடைக்கப்போகும் 16.23-க்கு இன்றைய மதிப்பு 20.17 என்று உங்கள் தாள் சொல்கிறது. அது எந்த வட்டியிலும் நடக்காது.

(1−வரி) போடும் வடிவம் மோடிக்லியானி, மில்லர் இருவரும் 1963-இல் காட்டிய நிலைக்கு உரியது: கடன் தொகை மாறாமல் என்றென்றும் நிற்கிறது, வரிச் சேமிப்பும் அதே உறுதியோடு என்றென்றும் வருகிறது. இங்கே இரண்டுமே இல்லை. கடன் மதிப்போடு ஏறி இறங்குகிறது, மூன்று வருடத்தில் தீர்ந்தும் போகிறது. மதிப்போடு ஆடும் கடனின் வரிச் சேமிப்பும் மதிப்பைப் போலவே ஆடும், எனவே அதையும் 12%-இலேயே தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது ஹாரிஸ், பிரிங்கிள் 1985-இல் எழுதியதன் சாரம். அதில் (1−வரி) வராது.

தேடல் | ஜூன் 5, பிற்பகல் 2:44

16.23-ஐ நானும் போட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் வாதிட ஒன்றும் இல்லை. ஆனால் என் வேலையில் கடன் அட்டவணை முதலிலேயே முடிவாகிவிடும், 400, 270, 140 என்று. அங்கேயும் மதிப்பைப் பார்த்துச் சுற்ற வேண்டுமா?

சமன்பாடு | ஜூன் 5, மாலை 4:10

வேண்டாம். தொகை முன்பே தெரிந்தால் வரிச் சேமிப்பும் முன்பே தெரியும். கடனில்லா மதிப்பைத் தனியாகவும் வரிச் சேமிப்பின் மதிப்பைத் தனியாகவும் கண்டு கூட்டிவிடுங்கள். மையர்ஸ் 1974-இல் சொன்ன வழி இது. அங்கே சேமிப்பைக் கடன் வட்டி விகிதத்தில் தள்ளுபடி செய்வதற்கு நியாயம் உண்டு. சுழலே தேவைப்படாது. சராசரி விகிதத்தில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தால் மட்டும் வருடத்துக்கு வருடம் பங்கு மாறும், சுழலும் திரும்ப வரும்.

புதுமுகம் | ஜூன் 6, காலை 8:25

நேற்றிரவு ஈக்விட்டி வழியாகவும் சரிபார்த்தேன், வட்டி முழுதும் அந்தந்த வருடமே கழியும் எளிய வடிவத்தில். கடன் இன்று 389.64, பிறகு 273.28, பிறகு 143.88. வட்டியும் அசலும் போக, வரிச் சேமிப்பு சேர்ந்து ஈக்விட்டிக்கு மிஞ்சுவது 260.26, 254.21, 247.48. இவற்றை 14.67%-இல் தள்ளுபடி செய்தால் 584.46. கடனோடு கூட்டினால் 974.10. மூன்று வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. தேடல் சொன்ன 14%-ஐ என் பணவரத்துகளில் போட்டால் ஈக்விட்டி அதிகமாக வருகிறது, மூன்றும் பிரிந்துவிடுகின்றன. அறிக்கையில் இந்தச் சரிபார்ப்பையும் ஒரு பக்கமாகச் சேர்க்கப் போகிறேன்.

பேரேடு | ஜூன் 6, காலை 9:00

மூன்று வழியும் ஒத்துப்போவது நல்லதுதான். ஆனால் தேடலும் தன் தாளில் கடன், ஈக்விட்டிப் பணவரத்து எல்லாவற்றையும் 980.90-ஐ வைத்தே கட்டியிருந்தால் அவருக்கும் சராசரி வழியும் ஈக்விட்டி வழியும் ஒத்துத்தான் போகும். வரிச் சேமிப்பைத் தனியாக எடுத்து மதிப்பிடும் மூன்றாம் வழிதான் காட்டிக்கொடுக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

கட்டுமானம் | ஜூன் 6, காலை 11:37

எக்செல் பக்கம் சில விஷயங்கள், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

சுழலுக்குள் ஒரு முறை `#DIV/0!` வந்துவிட்டால் போகாது. யாரோ உள்ளீட்டை ஒரு நொடி காலியாக விடுகிறார், ஈக்விட்டி பூஜ்யம் ஆகிறது, கடன்-ஈக்விட்டி விகிதம் பிழை ஆகிறது. உள்ளீட்டைச் சரிசெய்த பிறகும் பிழை தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு சுற்றும். ஆகவே சுழலில் ஒரு இடத்தில் ஆளி வையுங்கள்:

```
=IF($B$1=1, 0, $B$4*C20)
```

`B1`-இல் 1 போட்டால் கடன் பூஜ்யம் ஆகி எல்லாம் துடைக்கப்படும். திரும்ப 0 போட்டால் புதிதாகச் சுற்றும்.

அடுத்தது, அந்த டிக் கோப்போடு மட்டும் போவதில்லை. எக்செலைத் திறந்ததும் முதலில் திறக்கும் கோப்பின் அமைப்பையே மற்றவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் ஓடுவது மேலாளர் கணினியில் எச்சரிக்கையாக வரும். அதைவிட மோசம், டிக் இருக்கும்போது வேறெங்கோ கைதவறி உண்டான சுழலையும் எக்செல் சொல்லாமல் விட்டுவிடும். அதனால்தான் நாங்கள் ஒட்டும் மேக்ரோவை விடமாட்டோம்.

இரவுப்பணி | ஜூன் 6, நள்ளிரவு 11:58

கட்டுமானம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்செல் நிறுத்தும் விதி இயல்பாக 100 சுற்று, அல்லது மாற்றம் 0.001-க்குக் கீழே. அந்த 0.001 உங்கள் அலகில்தான். மதிப்பை ஆயிரங்களில் எழுதி 0.974 என்று வைத்திருந்தால் 0.001 என்பது பெரிய அளவு. இந்த மூன்று வருடக் கணக்கில் சுருக்கம் வேகமாக இருப்பதால் பாதகமில்லை. கடைசியில் என்றென்றும் வளரும் மதிப்பு ஒன்று வந்தால் கதை மாறும். அங்கே தப்பிப் போகும் பங்கு, மதிப்பு 100-க்குச் சேமிப்பு 0.80 என்று சமன்பாடு காட்டிய 0.008-ஐ (12% − வளர்ச்சி) என்பதால் வகுத்தால் கிடைக்கும். வளர்ச்சி 6% என்றால் 0.13, 9% என்றால் 0.27. வளர்ச்சி 11.2%-ஐத் தாண்டினால் சுற்று விரிந்துகொண்டே போகும், எங்கும் நிற்காது. அப்படி விரிந்தால் சுழலைக் குறை சொல்லாமல் வளர்ச்சி எண்ணைப் பாருங்கள்.

புதுமுகம் | ஜூன் 9, இரவு 8:15

புதிய சிக்கல். கடன் கொடுப்பவர் இன்று ஒரு திருத்தம் சொன்னார். முதல் வருடக் கடன் 389.70 என்று உறுதி. ஆனால் அது மதிப்பில் 40%-ஐத் தாண்டினால் அந்த வருட வட்டி 8% இல்லை, 10%. அடுத்த வருடங்கள் பழையபடியே. எளிய வடிவத் தாளில் இதைப் போட்டேன். 974.10 என்று நிற்கிறது, `F9` அழுத்தினாலும் மாறவில்லை. ஆனால் 389.70-ஐ 974.10-ஆல் வகுத்தால் 40.006%. வரம்பைத் தாண்டியிருக்கிறது, அப்படியானால் வட்டி 10% ஆக வேண்டுமே?

இரவுப்பணி | ஜூன் 9, இரவு 10:40

அது நிற்கவில்லை. இரண்டு எண்களுக்கு நடுவே தாவிக்கொண்டிருக்கிறது.

8%-இல் மதிப்பு 974.10, பங்கு 40%-க்கு மேல், வட்டி 10% ஆகிறது. 10%-இல் முதல் வருட வரிச் சேமிப்பு 7.79-இலிருந்து 9.74-க்கு ஏறுகிறது, மதிப்பு 975.84, பங்கு 39.93%, வட்டி திரும்ப 8%. மறுபடி 974.10. ஒவ்வொரு சுற்றிலும் மாறி மாறி. எக்செல் 100 சுற்று ஓடி நிற்கும். 100 இரட்டைப்படை எண். ஆகவே ஒவ்வொரு `F9`-க்குப் பிறகும் அதே எண் வந்து நிற்பதுபோல் தெரியும். சுற்று எண்ணிக்கையை 101 ஆக்கிவிட்டு `F9` அழுத்துங்கள், தாவுவது தெரியும்.

புதுமுகம் | ஜூன் 9, இரவு 11:05

101 போட்டேன். 975.84. இன்னொரு முறை அழுத்தினால் 974.10.

பேரேடு | ஜூன் 10, காலை 7:45

பழைய எண்ணில் பாதி, புதிய எண்ணில் பாதி எடுத்துச் சுற்றுங்கள். ஆட்டம் அடங்கும்.

சமன்பாடு | ஜூன் 10, காலை 9:20

ஆட்டம் சிறிதாகும், அடங்காது. பாதி எடுக்கும் உத்தி, விடை ஒன்று இருந்து சுற்று அதைத் தாண்டித் தாண்டி ஓடும்போது உதவும். இங்கே விடையே இல்லை. 8%-உம் பொருந்தவில்லை, 10%-உம் பொருந்தவில்லை, நடுவில் வேறு வட்டியும் ஒப்பந்தத்தில் இல்லை. 40%-இல் படிபோல் துள்ளும் வட்டியை 39-இலிருந்து 41% வரை சாய்வாக ஏறும்படி எழுதினால் ஒரு எண் கிடைக்கும். ஆனால் அது நீங்கள் எழுதிய ஒப்பந்தம், அவர்கள் எழுதியது இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. வட்டி ஏறினால் திட்டத்தின் மதிப்பு ஏறுகிறது என்பதை அப்படியே ஏற்க முடியுமா? கூடுதல் 2% வட்டி கடனின் ஆபத்துக்கான நியாயமான கூலியாக இருந்தால் ஏற்கலாம், வரிச் சேமிப்பு மட்டும் கூடும். வெறும் தண்டமாக இருந்தால் அந்தத் தொகை ஈக்விட்டியின் கையிலிருந்து கடன் கொடுத்தவருக்குப் போகிறது. அப்போது கடனை 389.70 என்ற முகத் தொகையிலேயே பிடிப்பது சரியா என்று யோசிக்க வேண்டும்.

தேடல் | ஜூன் 10, பிற்பகல் 12:30

'மதிப்பில் 40%' என்றால் எப்போது அளந்த மதிப்பு என்று அவர்களிடம் கேட்டீர்களா? வருடத் தொடக்கத்தில் ஒரே முறை அளந்து அந்த வருடம் முழுதும் அப்படியே விடுவதாக இருந்தால், முதல் வருடச் சேமிப்பு தொடக்கத்திலேயே உறுதியாகிவிடுகிறது. அதை 12%-இல் ஏன் தள்ளுபடி செய்ய வேண்டும்?

சமன்பாடு | ஜூன் 10, மாலை 5:55

நல்ல கேள்வி, இதில் இரண்டு கட்சி உண்டு. மைல்ஸ், எஸ்ஸல் 1980-இல் நீங்கள் சொன்னபடிதான் செய்தார்கள்: ஒவ்வொரு சேமிப்புக்கும் அதன் கடைசி ஒரு வருடத்துக்கு மட்டும் கடன் வட்டி, அதற்கு முந்தைய வருடங்களுக்கு 12%. அப்படிச் செய்தால் சராசரி 11.17%, திருத்தத்துக்கு முந்தைய கணக்கில் மதிப்பு 974.60. அரை அலகு வித்தியாசம். கடன் இடைவிடாமல் மதிப்பைத் தொடர்ந்தால் 974.10, வருடத்துக்கு ஒரு முறை மட்டும் என்றால் 974.60. நான் பெரும்பாலும் முதலாவதையே எடுப்பேன், எளிமைக்காக. புதுமுகத்தின் ஒப்பந்தம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

புதுமுகம் | ஜூன் 12, மாலை 6:30

கேட்டேன். வருடத் தொடக்கத்தில் ஒரே அளவீடு. அதுவும் தங்கள் மதிப்பீட்டாளர் 8% வட்டியை வைத்துப் போடும் எண்ணை வைத்துத்தான், சுற்றியெல்லாம் பார்க்க மாட்டார்களாம். அப்படியானால் படிச் சிக்கல் தீர்ந்தது: அவர் என் எளிய வடிவத்தையே போட்டால் 40.006%, வரம்பைத் தாண்டியாயிற்று, வட்டி 10% என்று நிற்கும். கடனை 389.60-க்குக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மதிப்பீட்டாளர் எந்தச் சூத்திரத்தில் போடுகிறார் என்று மட்டும் இன்னும் பதில் இல்லை. அவர் 974.60 கட்சியாக இருந்தால் 389.70-க்கே 39.99%தான் வரும், குறைக்க வேண்டியதே இல்லை.

கட்டுமானம் | ஜூன் 12, இரவு 7:10

சூத்திரத்தை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள், ஒரு உதாரணக் கணக்கோடு. எங்கள் ஒப்பந்தங்களில் அப்படித்தான் வைப்போம்.